உணவு அடக்கச் செலவும் சமையலறைச் சொற்களும்: இரண்டாமாண்டு டிப்ளமோ மாணவர்களுக்கான திருப்புதல் அட்டைகள்

முன்பக்கத்துக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். கணக்கு அட்டைகளுக்குத் தாளும் பேனாவும் தேவை. விலைகள் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டவை. காசிமேட்டிலும் கோயம்பேட்டிலும் அன்றாடம் மாறுபவை என்பதால் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

அட்டை 1
முன்பக்கம்: ஒரு மாதத்தின் ஃபுட் காஸ்ட் சதவீதத்தை எவ்வாறு கணக்கிடுவது?

பின்பக்கம்: மாதத் தொடக்க இருப்புடன் அம்மாதக் கொள்முதலைக் கூட்டி, மாத இறுதி இருப்பைக் கழித்தால், உண்மையில் பயன்படுத்திய பொருள்களின் மதிப்பு கிடைக்கும். அதிலிருந்து ஊழியர் உணவுக்குச் சென்ற தொகையைக் கழித்து, மீதியை உணவு விற்பனைத் தொகையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்.

தொடக்க இருப்பு 1,80,000 ரூபாய், கொள்முதல் 6,40,000, இறுதி இருப்பு 1,60,000 என்றால், பயன்பாடு 6,60,000 ரூபாய். ஊழியர் உணவு 36,000 போக 6,24,000. விற்பனை 19,50,000 எனில் விடை 32 சதவீதம். ஊழியர் உணவைக் கழிக்க மறந்தால் விடை 33.85 ஆகிவிடும், சமையலறையின் மேல் வீண்பழி விழும்.

அட்டை 2
முன்பக்கம்: கிலோ 900 ரூபாய்க்கு வாங்கிய வஞ்சிரத்தில் 150 கிராம் துண்டு ஒன்றின் அடக்கவிலை என்ன?

பின்பக்கம்: 135 ரூபாய் என்று எழுதியவர்கள் இந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதிக மதிப்பெண் பறிபோவது இந்த இடத்தில்தான்.

வாங்கிய எடை வேறு, தட்டுக்குப் போகும் எடை வேறு. 6 கிலோ மீன் 5,400 ரூபாய். தலை, வால், குடல், செதில் நீக்கிய பின் துண்டுகளாக நிற்பது 4.2 கிலோ என்றால், ஈல்டு 70 சதவீதம். 5,400 ரூபாயை 4.2 கிலோவால் வகுத்தால், பயன்படும் மீனின் விலை கிலோவுக்கு 1,285.71 ரூபாய். ஆகவே 150 கிராம் துண்டின் அடக்கம் 192.86 ரூபாய்.

வெட்டி எடுத்த தலை 800 கிராம் இருந்து, அது குழம்புக்குக் கிலோ 300 ரூபாய் மதிப்பில் போகிறது என்றால், அந்த 240 ரூபாயை முதலில் கழிக்க வேண்டும். மீதி 5,160 ரூபாயை 28 துண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஒரு துண்டு 184.29 ரூபாய். அந்த 240 ரூபாயைக் குழம்பின் கணக்கில் செலவாக ஏற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் தலை இலவசமாக வந்ததுபோல் ஆகிவிடும்.

ஈல்டு சதவீதத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதுவது தேர்வுக்குப் போதும். வேலைக்குப் போனால், அன்றைய மீனை அன்றைய தராசில் வெட்டுமுன்னும் வெட்டியபின்னும் நிறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அட்டை 3
முன்பக்கம்: மசாலா தோசையின் அடக்கவிலையில் எவற்றைச் சேர்க்க வேண்டும்?

பின்பக்கம்: தட்டோடு மேசைக்குப் போகும் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். மாவு 9 ரூபாய், உருளைக்கிழங்கு மசாலா 7.50, எண்ணெயும் நெய்யும் 6, சாம்பார் 8, சட்னி வகைகள் 5.50 என்று வைத்தால் மொத்தம் 36 ரூபாய். விற்பனை விலை 120 ரூபாய் எனில் 30 சதவீதம்.

ஆனால் சென்னையில் சாம்பாரை ஒரு முறையோடு யார் நிறுத்துகிறார்கள்? வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இரண்டாம் கிண்ணம் கேட்டால் சராசரியாக 4 ரூபாய் கூடி அடக்கம் 40 ரூபாயாகிறது, விகிதம் 33.3 சதவீதத்துக்கு ஏறுகிறது. மேல்நாட்டுப் பாடநூல்களின் மாதிரிக் கணக்குகளில் இந்தக் கிண்ணம் இருக்காது. நம் ஸ்டாண்டர்டு ரெசிப்பி அட்டையில் இருந்தே ஆக வேண்டும்.

அட்டை 4
முன்பக்கம்: ஒரு தட்டின் அடக்கம் 96 ரூபாய், இலக்கு 32 சதவீதம் என்றால் விற்பனை விலை என்ன? ஜிஎஸ்டி எங்கே வருகிறது?

பின்பக்கம்: 96-ஐ 0.32-ஆல் வகுத்தால் 300 ரூபாய். அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து வாடிக்கையாளர் செலுத்துவது 315 ரூபாய். அந்த 15 ரூபாய் அரசுடையது. நம் விற்பனை 300 மட்டுமே. 315-ஐ விற்பனையாக எடுத்து 30.48 சதவீதம் என்று எழுதினால் கணக்கு தவறு.

5 சதவீத வரி விதிப்பில் உள்ள உணவகத்துக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆகவே கொள்முதல் பில்லில் செலுத்திய ஜிஎஸ்டியும் பொருளின் விலையோடு சேர்ந்து அடக்கமாகிறது.

அட்டை 5
முன்பக்கம்: இன்டென்ட், பின் கார்டு, பார் ஸ்டாக், ஃபிஃபோ ஆகியவற்றை விளக்குக.

பின்பக்கம்: சமையலறை ஸ்டோரிடம் பொருள் கேட்டு எழுதும் சீட்டு இன்டென்ட். ஒவ்வொரு பொருளின் வரவு, வெளியீடு, மீதி ஆகியவற்றைக் காட்டும் அட்டை பின் கார்டு. எப்போதும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டிய அளவு பார் ஸ்டாக். முதலில் வந்ததை முதலில் வெளியே அனுப்புவது ஃபிஃபோ.

அட்டை 6
முன்பக்கம்: ரூ, பர் மானியே இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பின்பக்கம்: ரூ என்பது இங்கே ரூபாயின் சுருக்கம் அன்று. சம எடை மைதாவையும் கொழுப்பையும் சேர்த்து அடுப்பில் சமைத்தது ரூ. சமைக்கும் நேரத்தைப் பொறுத்து அது வெள்ளை, இளம்பொன், பழுப்பு என மூவகைப்படும். சம எடை மைதாவையும் வெண்ணெயையும் சமைக்காமல் பிசைந்து, சாஸ் ஏறக்குறைய தயாரான நிலையில் சிறு உருண்டைகளாகச் சேர்த்துக் கெட்டியாக்குவது பர் மானியே.

அட்டை 7
முன்பக்கம்: ஐந்து தாய் சாஸ்களும் அவற்றின் அடிப்படையும் யாவை?

பின்பக்கம்: பாலும் வெள்ளை ரூவும் சேர்ந்தது பெஷமெல், வெள்ளை ஸ்டாக்கும் இளம்பொன் ரூவும் சேர்ந்தது வெலூத்தே, பழுப்பு ஸ்டாக்கும் பழுப்பு ரூவும் சேர்ந்தது எஸ்பன்யோல். தக்காளி சாஸின் பெயரே அதன் அடிப்படையைச் சொல்லிவிடும். முட்டை மஞ்சள் கருவில் உருக்கிய வெண்ணெயை மெல்ல அடித்துச் சேர்ப்பது ஹாலண்டேஸ். சூடு மிகுந்தால் அது திரிந்துவிடும்.

அட்டை 8
முன்பக்கம்: வெட்டும் முறைகள் மூன்றையும், மிர்ப்வாவின் விகிதத்தையும் கூறுக.

பின்பக்கம்: மெல்லிய தீக்குச்சி போன்ற நீள வெட்டு ஜூலியன். ஜூலியனைக் குறுக்கே நறுக்கினால் கிடைக்கும் மிகச் சிறு சதுரங்கள் புருன்வாஸ். கீரையையோ இலைகளையோ சுருட்டி நூல்போல் அரிவது ஷிஃபொனாட். மிர்ப்வா என்பது எடையளவில் வெங்காயம் இரண்டு பங்கு, கேரட் ஒரு பங்கு, செலரி ஒரு பங்கு.

செய்முறைத் தேர்வில் ஓரங்களைச் செதுக்கிச் சதுரமாக்கும்போது விழும் கேரட் துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஸ்டாக் பாத்திரத்தில் சேருங்கள். தேர்வாளர் மேசையை மட்டுமல்ல, குப்பைத் தொட்டியையும் பார்ப்பார்.

அட்டை 9
முன்பக்கம்: அபுவாயர் என்பவர் யார்?

பின்பக்கம்: பரிமாறும் இடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே நின்று, வந்த ஆர்டர்களை உரக்க அறிவித்து, தயாரான தட்டுகளைச் சரிபார்த்து வெளியே அனுப்புபவர். அளவு கூடிப்போன தட்டைக் கடைசியாகத் தடுக்கக்கூடியவரும் அவரே. 150 கிராம் துண்டுக்குப் பதில் 180 கிராம் போனால், அட்டை 2-இன் முதல் கணக்குப்படி தட்டுக்கு 38.57 ரூபாய் கூடுதலாகப் போகிறது.