தம்பிக்கு, உன் மன்னிப்புக் கடிதத்துக்குப் பதில்

திருப்பூர்
17.8.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை வாங்கி ஒரு வாரம் ஆகிவிட்டது. பதில் வராததால் அக்கா இன்னும் கோபமாக இருக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். கோபத்தோடு எழுத வேண்டாம் என்றுதான் தள்ளிப்போட்டேன். முதலில் நீ எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் தையல் கம்பெனி ஆட்களின் பிஎஃப் பணத்தைக் கட்டாமல், பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்து விட்டதற்கு நீ கேட்ட மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன். ஊருக்காகவோ சித்தியின் அழுகைக்காகவோ அல்ல, மனதாரத்தான்.

எதனால் என்றும் சொல்கிறேன். மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என்று நான்கு மாதத்தையும் தனித்தனியாக எழுதி, எந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தாய், அது எங்கே போனது என்று நீயே கணக்கு வைத்திருக்கிறாய். ஆர்டர் குறைவு, பார்ட்டி பணம் தரவில்லை என்று ஒரு வரிகூடச் சாக்குச் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிதாகப் பட்டது. போன சனிக்கிழமை சம்பளம் போடும்போது செக்கிங் டேபிள் பக்கம் நின்று 26 பேர் முன்னாலும், “உங்க பிஎஃப் பணத்தைக் கட்டாமல் விட்டது நான்தான், அக்காவுக்குத் தெரியாது” என்று சொன்னாயே, அதை நான் கேட்டு வாங்கவில்லை. நீயாகச் செய்தாய். கைமடி வேலைக்கு வரும் சின்னப் பெண்கள் வரை உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இனி கஷ்டமான பக்கம். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எது எனக்கு வலித்தது என்பதை நீ சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உன் கடிதத்தில் பணத்தைப் பற்றித்தான் அதிகம் இருந்தது.

ஆளுக்குச் சராசரியாக 12,000 ரூபாய் சம்பளக் கணக்கில் அவர்கள் பங்கு 12 சதவீதம், நம் பங்கு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்ந்து மாதம் 78,000 ரூபாய். நான்கு மாதத்துக்கு 3,12,000. இதில் ஏறக்குறைய பாதி, அவர்கள் சம்பளத்திலிருந்து வாராவாரம் நாம் பிடித்த பணம். நம் பங்கைக் கட்டாமல் இருந்திருந்தால் அது கடன் பாக்கி. அவர்களிடம் பிடித்ததைக் கட்டாமல் விட்டால் சட்டமே அதை நம்பிக்கை மோசடி என்று சொல்கிறது. கூட்டாளி என்ற முறையில் என் பெயரும் அதில் வந்திருக்கும். நீ இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டாய், அடுத்த மாதம் எடுத்துக் கட்டிவிடலாம் என்று நம்பியிருப்பாய். அதை நான் நம்புகிறேன். ஆப்ஷன் டிரேடிங்கில் விட்டதை ஆப்ஷனிலேயே எடுக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மூன்று வருடக் கணக்கைப் பார்த்து, நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டதாக பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024இல் சொன்னது. உனக்கு அது தெரியாததல்ல. அந்த 7 பேரில் நாம் ஒருவர் என்ற எண்ணம்தான் ஆளைக் கெடுக்கிறது.

ஆனால் பணத்தைவிட எனக்கு ஆறாமல் இருப்பது அந்த ஜூலை மாதத்து ஒரு வாரம். பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் அம்மா வந்து, பிஎஃப் பாஸ்புக்கில் பிப்ரவரிக்குப் பிறகு எதுவும் ஏறவில்லை என்று மகளுடைய போனைக் காட்டினார்கள். உன்னிடம் கேட்டேன். “சர்வர் பிரச்சனைக்கா, அடுத்த வாரம் ஏறிடும்” என்றாய். நான் அதை அப்படியே போய் அவர்களிடம் சொன்னேன். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் அதையே சொன்னேன். எட்டு வருடமாக நம்மோடு இருப்பவர்கள், “நீங்க சொன்னா சரிங்க” என்று மெஷினுக்குப் போய்விட்டார்கள். உன் பொய் என் வாய் வழியாகப் போயிருக்கிறது, தம்பி. அந்த ஒரு நாள் நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நாம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பணத்துக்கு வழி பார்த்திருப்போம். திட்டியிருப்பேன்தான். ஆனால் இந்தக் கடிதம் எழுத வேண்டிய நிலை வந்திருக்காது.

“பழையபடி இருக்கலாம் அக்கா” என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அது இப்போது முடியாது. பழையபடி என்றால் நீ நீட்டிய செக்கில் நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது, வங்கியிலிருந்து வந்த மெசேஜைப் படிக்காமல் விட்டது. அதை மறுபடி செய்கிறேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். உன்னை மன்னிப்பது என் மனசு சம்பந்தப்பட்டது, அதை இன்றைக்கே செய்துவிட்டேன். நம்பிக்கை அப்படி ஒரே நாளில் வராது. நீ ஒவ்வொரு மாதமும் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். எப்போது முழுசாக வரும் என்று தேதி கேட்காதே, எனக்கே தெரியாது.

சிவன்மலைக் கோயிலுக்கு வந்து சத்தியம் செய்கிறேன் என்றாய். வேண்டாம். உன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அதுவும் வேண்டாம். நீ போய்விட்டால் நம்பிக்கை எங்கிருந்து திரும்பும்? இங்கேயே இரு, கணக்கையும் நீயே பார். கீழே சொல்கிறபடி ஆரம்பிப்போம்.

நம் கரண்ட் அக்கவுண்டில் இப்போது இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் பணம் போகும். அதை இருவரும் சேர்ந்து போட வேண்டும் என்று மாற்றுகிறோம். நெட் பேங்கிங்கில் நீ பதிவு செய், நான் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் போகும். ஆகஸ்ட் மாத பிஎஃப் செப்டம்பர் 15க்குள் கட்ட வேண்டும். நீ 12ஆம் தேதியே கட்டிவிட்டு, ரசீதைப் பிரிண்ட் எடுத்து நேரப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டு. எனக்குக் காட்டுவதற்கு முன்னால் அவர்கள் பார்க்கட்டும். இது அவர்கள் பணம், உன்னை நம்ப வேண்டியவர்களில் அவர்கள்தான் முதலில். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று மாதமும் இப்படியே போகட்டும்.

சில்லறைச் செலவுக்கு, அதாவது நூல், ஊசி, மெஷின் ஆயில், டெம்போ வாடகைக்கு, வாரம் 5,000 ரூபாய் இப்போதிருந்தே உன் கையில் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பில்லோடு உட்கார்ந்து பார்ப்போம், பத்து நிமிடம் போதும். மூன்று மாதம் சரியாகப் போனால், டிசம்பரிலிருந்து 25,000 வரை நீ தனியாகக் கையெழுத்துப் போடலாம். பொங்கலுக்குப் பிறகு மறுபடி உட்கார்ந்து, அடுத்து என்ன என்று பேசுவோம். இடையில் தீபாவளி போனஸ் வருகிறது. அந்தப் பணத்தை மட்டும் இந்த வருடம் நான் பார்த்துக்கொள்கிறேன். இதில் வருத்தப்படாதே. போனஸ் சமயத்தில் எல்லோருக்கும் பயம் இருக்கும், அதை உன் மேல் வைக்க எனக்கு மனமில்லை.

தாமதத்துக்கு வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதற்கு மேல் அபராதம் என்று நோட்டீஸ் வரும். அது உன் கணக்கில்தான் எழுதப்படும். ஆனால் அதற்கு முன்னால் உன் லாபப் பங்கிலிருந்து முதலில் மீட்க வேண்டியது உன் மனைவியின் நகை. உன் தவறுக்காக அவள் வெறும் கழுத்தோடு விசேஷத்துக்குப் போக வேண்டாம். அவளிடமும் நீ மன்னிப்புக் கேட்டாயா என்று நான் கேட்கப்போவதில்லை, அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பணம் குறைந்தால் குறைகிறது என்று அன்றைக்கே சொல். தவறு நடந்தாலும் அன்றைக்கே சொல். இந்த மாதமே அமெரிக்க வரியால் பார்ட்டிகள் கட்டிங்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், 27ஆம் தேதியிலிருந்து 50 சதவீதம் என்கிறார்கள். ஜாப் ஒர்க் பில் வர இரண்டு மாதம் ஆகலாம். நமக்குக் கையில் காசு இல்லாத நாட்கள் நிச்சயம் வரும். அப்படி ஒரு நாளில் நீ வந்து, “அக்கா, இந்த மாதம் பிஎஃப் கட்டப் பணம் பத்தாது” என்று சொன்னால், என் நம்பிக்கை அன்றைக்கு ஒரு படி ஏறுமே தவிர இறங்காது. மறைத்தால், அது 500 ரூபாயாக இருந்தாலும், நாம் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். மாமாவிடமோ சொந்தக்காரர்களிடமோ இதைப் பேச மாட்டேன். வேறு எதற்காவது சண்டை வந்தால் இதை இழுத்து உன் மேல் வீச மாட்டேன். உனக்குத் தெரியாமல் உன் போனையோ டேபிள் டிராயரையோ பார்க்க மாட்டேன், சந்தேகம் வந்தால் நேராக உன்னிடமே கேட்பேன். கேட்கும்போது முகம் சுருங்காதே. கொஞ்ச நாளைக்கு அதிகமாகத்தான் கேட்பேன், பொறுத்துக்கொள். சில நாள் நீ சரியாகச் சொன்ன பிறகும் மனதில் ஒரு உறுத்தல் இருக்கும். அப்படி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வீட்டு விஷயம் வேறு. நீ இரண்டு ஞாயிறாக வரவில்லை, பிள்ளைகள் கேட்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றக் கூச்சப்பட்டு வராமல் இருக்காதே. சாப்பாட்டுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. கம்பெனிக் கணக்கை இலைக்கு முன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு வங்கிக்குப் போகிறோம். கூட்டாண்மைப் பத்திரத்தின் நகலையும் இருவருடைய பான் கார்டையும் நான் எடுத்து வருகிறேன், சீல் உன்னிடம் இருக்கிறது, மறக்காதே. ஒன்பது மணிக்கே கம்பெனிக்கு வந்துவிடு. வரும்போது, நீ வெளியில் யார் யாருக்கு இன்னும் எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வா. கைமாற்று, கிரெடிட் கார்டு, ஆப்பில் வாங்கிய கடன், எல்லாமே. எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் சரி, அந்தத் தாள் முழுசாக இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா