கொடியக்காவை உங்கள் முன் அழைக்கிறேன்

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். மேசையில் இருக்கிற பொருளை எட்டிப் பார்த்தால்தான் இன்றைக்குப் பேசப்போவது புரியும்.

பயிற்சிக் கூட்டம் என்றால் பேச வருகிறவரின் படிப்பு, பதவி, வாங்கிய விருது என்று ஒரு தாள் நிறைய வாசிப்பது வழக்கம். அக்கா அப்படித் தாள் எதுவும் தரவில்லை. கேட்டதற்கு, தண்ணீர்க் கணக்கு எழுதின நோட்டைக் கையில் கொடுத்து, “இதில் இருக்கிறதைச் சொன்னால் போதும் தம்பி” என்றார். அதனால் அவரைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த நோட்டில் உள்ளதும், அவர் வரப்பில் நின்று என் கண்ணால் பார்த்ததும்தான்.

அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. நமக்கெல்லாம் அவர் கொடியக்கா. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் கதையே.

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் போதும் என்று நாம் எத்தனையோ கூட்டத்தில் கேட்டாயிற்று. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், எவ்வளவு காய விடுவது என்பதில்தான். மேல்மண் லேசாக வெடித்ததுமே நமக்கு வயிறு கலங்கும். ஓடிப்போய் மடையைத் திறந்துவிடுவோம். ஆனால் மேலே காய்ந்து தெரிகிற மண்ணுக்கு நாலு விரல்கடை கீழே தண்ணீர் இருக்கும், வேர் அதைக் குடித்துக்கொண்டிருக்கும். அதைக் கண்ணால் பார்க்கத்தான் துளை போட்ட குழாயை வயலில் புதைக்கச் சொன்னார்கள். பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல நாடுகளில் பரப்பிய முறை அது. குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர், நம் கணக்கில் அரை அடி, கீழே இறங்கும்வரை பயிருக்குக் குறை வராது. இறங்கியதும் மறுபடி கட்ட வேண்டும். இது அக்கா கண்டுபிடித்தது அல்ல. அவரே முதல் வேலையாக இதைச் சொல்லிவிடச் சொன்னார்.

நம்மில் பல பேர் அந்தக் குழாயைப் புதைத்தோம். உள்ளதைச் சொல்லுங்கள், எத்தனை பேர் தினமும் போய்ப் பார்த்தோம்? பார்க்க வேண்டுமென்றால் சேற்றில் இறங்க வேண்டும், பயிரை விலக்கிக் குனிய வேண்டும், உள்ளே இருட்டாக இருந்தால் டார்ச் அடிக்க வேண்டும். முதல் வாரம் பார்ப்போம். அப்புறம் அதில் தவளை குடியிருக்கும். நாமும் பழையபடி கண்ணால் மண்ணைப் பார்த்து மடையைத் திறப்போம்.

அக்காவுக்கு முழங்கால் வலி. நாளுக்கு இரண்டு தரம் சேற்றில் இறங்கி ஏற அவரால் முடியாது. வரப்பில் நின்றபடியே தெரிய வேண்டும் என்று யோசித்தார். தேய்ந்துபோன ரப்பர் செருப்பிலிருந்து ஒரு வட்டத் துண்டு வெட்டினார். குழாய்க்குள் உரசாமல் ஏறி இறங்குகிற அளவுக்குச் சிறியது. அதன் நடுவில் ஒரு குச்சியைச் செருகி, குச்சியின் தலையில் சிவப்புத் துணியைக் கட்டினார். குழாயின் மூடியில் ஓட்டை போட்டுக் குச்சியை அதன் வழியே வெளியே எடுத்தார். தண்ணீர் ஏறினால் செருப்புத் துண்டு மிதந்து ஏறும், கொடியும் ஏறும். தண்ணீர் இறங்கினால் கொடி இறங்கும். இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும்போது கொடி மூடிக்கு மேலே ஏறக்குறைய ஒரு சாண் தூக்கி நிற்கும். தண்ணீர் மண்ணுக்கு அரை அடி கீழே போனால் கொடி மூடிமேல் வந்து உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் மடையைத் திற, சாண் உயர்ந்தால் அடை. அவ்வளவுதான் அவர் வீட்டுச் சட்டம். பள்ளிக்கூடம் போகிற பேரன்கூட சைக்கிளை நிறுத்தாமலே பார்த்துவிட்டு வந்து சொல்லிவிடுகிறான்.

கேட்க எளிதாக இருக்கிறது. முதல் தடவையிலேயே வந்துவிடவில்லை. நோட்டில் ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “குருவி உட்கார்ந்தது. வீணாகத் திறந்தேன்.” கரிச்சான் குருவி இருக்கிறதே, வயலில் எது தூக்கலாக நின்றாலும் அதன்மேல் வந்து உட்காரும். அது உட்கார்ந்த கனத்தில் கொடி அமுங்கி மூடியில் தொட்டிருக்கிறது. அக்கா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மோட்டாரைப் போட்டுவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தால் குருவி பறக்கிறது, கொடி எழும்புகிறது. அதற்கப்புறம்தான் குச்சியை எடுத்துவிட்டு மெல்லிய ஈர்க்கு போட்டார். ஈர்க்கில் கரிச்சானுக்குப் பிடி கிடைக்காது, வளைந்துகொடுக்கும்.

அடுத்த தொல்லை சேறு. களை எடுக்கும்போது கலங்கின சேறு துளை வழியாக உள்ளே போய் அடியில் படிந்துவிட்டது. மிதவை அந்தச் சேற்றின்மேல் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் இன்னும் கீழே போனாலும் கொடி அசையவில்லை. இப்படி ஏமாந்தால் பயிர் காய்ந்துபோகும், இது குருவியைவிட ஆபத்தான விஷயம். அதனால் குழாயை அடிப்பக்கம் இரண்டு அங்குலம் நீளமாக வெட்டினார், சேறு தங்குவதற்கு. மொத்தம் 14 அங்குலம். ஆறு மண்ணுக்கு மேலே, எட்டு மண்ணுக்குள்ளே. துளை எல்லாம் புதைகிற பாகத்தில் மட்டும். அதோடு, ஒவ்வொரு களை எடுப்புக்கும் பிறகு கையை விட்டு உள்ளே இருக்கிற சேற்றை வழித்தெடுக்கிறார். தண்ணீர் கட்டின அன்று குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டமாக நிற்கிறதா என்று பார்க்கிறார். மட்டம் மாறியிருந்தால் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி விளைச்சல். இதைத்தானே எல்லாரும் கேட்கப்போகிறீர்கள்.

ஒரு ஏக்கர் வயலின் நடுவே புது வரப்பு போட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரே ரகம், ஒரே நாற்றங்கால், ஒரே நாளில் நடவு, ஒரே அளவு உரம். ஒரு பாதியில் நாம் எப்போதும் கட்டுகிற மாதிரியே தண்ணீர். மறு பாதியில் கொடி சொன்னபடி. பழைய பாதிக்கு 21 தரம் தண்ணீர் கட்டினார். கொடி வைத்த பாதிக்கு 14 தரம். அறுவடையைக் கலக்காமல் தனித்தனியாகத் தூற்றி, தராசில் போட்டு எடுத்த எடை: பழைய பாதி 1,040 கிலோ, கொடிப் பாதி 1,065 கிலோ.

நான் உடனே, “அப்போ விளைச்சலும் கூடுகிறது என்று சொல்லிவிடலாமா அக்கா?” என்று கேட்டேன். சொல்லாதே என்றுவிட்டார். அரை ஏக்கருக்கு 25 கிலோ வித்தியாசம் எலி தின்றாலே வரும், அதை வைத்து ஊரை ஏமாற்றக் கூடாது என்றார். அவர் சொல்கிறது ஒன்றே ஒன்று: விளைச்சல் குறையவில்லை, ஏழு தரம் தண்ணீர் மிச்சம்.

அப்போதும் சில பேர் விடவில்லை. கொடி வைத்த பாதி கொஞ்சம் பள்ளம், அதனால்தான் தண்ணீர் நின்றது என்றார்கள். நியாயமான கேள்விதான். அடுத்த பட்டத்தில் அக்கா பாதிகளை மாற்றிப்போட்டார். மேட்டுப் பாதியில் கொடி, பள்ளப் பாதியில் பழைய முறை. அந்தத் தடவை பழைய முறைக்கு 20, கொடிக்கு 15. விளைச்சலில் கொடிப் பாதி 4 கிலோ குறைவு. அந்த நாலு கிலோவையும் அவரே எழுதி வைத்திருக்கிறார், பாருங்கள். என்னைக் கேட்டால், இந்த நோட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான். தனக்குச் சாதகமாக இல்லாததையும் எழுதுகிறவர் சொன்னால் நம்பலாம்.

நஷ்டக் கணக்கும் உண்டு. தண்ணீர் தேங்காத இடத்தில் களை முளைக்கும். முதல் பட்டத்தில் கொடிப் பாதிக்கு ஒரு கை களை கூடுதலாக எடுக்க வேண்டி வந்தது. இரண்டாவது பட்டத்தில் நட்ட உடனே காய விடாமல், இரண்டு வாரம் தண்ணீரைத் தேக்கி வைத்துக் களையை அடக்கிவிட்டு அப்புறம்தான் கொடியின் பேச்சைக் கேட்டார். கூடுதல் களை எடுப்பு தேவைப்படவில்லை. பூக்கிற சமயத்தில் கொடியையே பார்க்க மாட்டார். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து பூத்து ஒரு வாரம் வரை இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் காய விட்டால் பதர்தான் மிஞ்சும். இதை மறந்துவிட்டு என்மேல் பழி போடாதீர்கள் என்று இப்போதே சொல்லச் சொன்னார்.

யூரியா போடுகிறதையும் கொடியோடு சேர்த்துவிட்டார். கொடி மூடியில் உட்கார்ந்த அன்று, மண் காய்ந்திருக்கும்போது தூவிவிட்டு, உடனே தண்ணீர் கட்டுகிறார். சத்து தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. தேங்கின தண்ணீரில் தூவினால் நிறைய காற்றில் போய்விடும்.

எல்லா வயலுக்கும் இது சரிவராது. உப்பு மண் உள்ளவர்கள் அவசரப்படாதீர்கள், காய விட்டால் உப்பு மேலேறும். முறை வைத்து வாய்க்கால் தண்ணீர் வாங்குகிறவர்களுக்கு, கொடி இறங்குகிற நாளும் முறை வருகிற நாளும் ஒத்துப்போகாது. அவர்கள் என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள், அக்காவிடம் கேளுங்கள். இரண்டு வருஷமாக அதைப் பற்றி அவரும் பக்கத்து வயல்காரரும் சண்டை போட்டுக்கொண்டே ஏதோ ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். அக்கா மேடையில் நின்று பேசிப் பழக்கமில்லாதவர். நீளமாகப் பேச மாட்டார், கேட்டால்தான் சொல்வார். அதனால் சும்மா கைதட்டிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். குழாயை எங்கே புதைப்பது, மேட்டிலா பள்ளத்திலா, வரப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி, நண்டு வளை போட்டால் என்ன செய்வது, மழை பெய்தால் கொடி என்ன காட்டும், எல்லாம் கேளுங்கள். “உன் வயலில் சரி, என் வயலில் வருமா?” என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். அவருக்கு அந்தக் கேள்விதான் பிடிக்கும்.

முதலில் அக்கா இந்த வாளித் தண்ணீரில் குழாயை நிறுத்திக் கொடி ஏறி இறங்குவதைக் காட்டுவார். அப்புறம் எல்லாரும் பக்கத்து வயலுக்குப் போகிறோம், செருப்பைக் கரையில் விட்டுவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் ஆளுக்கு ஒரு குழாய் செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். குழாய்த் துண்டுகள் அளவாக வெட்டி மூலையில் வைத்திருக்கிறது. பழைய ரப்பர் செருப்பு கொண்டுவரச் சொல்லியிருந்தோம், கொண்டுவராதவர்கள் பக்கத்தில் இருக்கிறவரிடம் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு செருப்பில் நாலு மிதவை வரும்.

அக்கா, நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள். மைக் வேண்டாமென்றால் விடுங்கள், அவர்கள் கிட்டே வந்து கேட்பார்கள். துளை போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் டிரில்லை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போங்கள்.