தீபாவளிப் பரிசு: மலையகத்தில் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை என்ன வாங்கலாம்?

1,000 ரூபாய்க்குள்: கம்பளித் தொப்பி, காலுறை, பிள்ளைகளுக்குக் கலர் பென்சில். தோட்டத்து வீட்டுக்குத் தேயிலைப் பொதி கொண்டுபோக வேண்டாம். கொழும்பு உறவினருக்கென்றால் சரி, சந்தோஷப்படுவார்கள்.

3,000 வரை: என் முதல் தெரிவு பிளாஸ்க். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவுக்கு மலையிலேயே சூடான தேத்தண்ணி கிடைக்கும். உள்ளே கண்ணாடி உள்ளது விழுந்தால் உடையும், எவர்சில்வரே வாங்குங்கள். தீபாவளி சமயம் மழையும் பெய்யும் என்பதால் நல்ல குடையும் பொருந்தும்.

10,000 வரை: சாரி, சுவெட்டர், மின்சாரக் கேத்தல். சுவெட்டரைப் பெரியவர்களுக்கு ஒரு அளவு கூட்டியே எடுங்கள், உள்ளே இன்னொரு சட்டை போடுவார்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

தோட்டங்களில் தொழிலாளருக்குத் தீபாவளி முற்பணம் கொடுத்ததும் ஹட்டன் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. முடிந்தால் அதற்கு முந்திய வாரமே, வேலைநாள் காலையில் போய்விடுங்கள்.