இன்வாய்ஸ் 3178: சப்ளையருக்கு அனுப்ப வேண்டிய கடிதம், திருத்திய வடிவம்

தம்பி,

அட்டைப்பெட்டி சப்ளையருக்கு நீ எழுதி வைத்திருந்த மெயிலைப் படித்தேன். நல்ல வேளை, அனுப்புவதற்கு முன் காட்டினாய். கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாய், ஆனால் படிக்கிறவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க உன் வரைவை அப்படியே கீழே போட்டிருக்கிறேன்:

"சார், நீங்கள் அனுப்பிய பில்லில் எங்கள் டேக்ஸ் நம்பர் தவறாக இருக்கிறது. இதை ஏற்கெனவே சொல்லியிருந்தும் உங்கள் பக்கத்தில் அலட்சியமாக இருந்திருக்கிறீர்கள். உடனடியாக நம்பரைத் திருத்தி பில்லை மறுபடி அனுப்பவும். சரியான பில் வரும்வரை பேமெண்ட் கிடையாது. இதனால் ஏற்படும் இழப்புக்கு நீங்களே பொறுப்பு. நன்றி."

முதலில், இது எழுத்துப்பிழை இல்லை. இன்வாய்ஸில் இருக்கும் எண்ணைப் பழைய ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாம் கம்பெனியாக மாறுவதற்கு முன் இருந்த தனிநபர் தொழிலின் எண் அது. அந்தப் பதிவை நாம் ரத்து செய்தாகிவிட்டது. பெயர் மட்டும் புதிதாக அச்சாகியிருக்கிறது. அவர்களுடைய மென்பொருளில் வாடிக்கையாளர் விவரத்தைத் திறந்தவர் பெயரை மாற்றிவிட்டு எண்ணைத் தொடாமல் மூடியிருப்பார் என்று நினைக்கிறேன். அதை மாற்றாமல் இந்த ஒரு பில்லை மட்டும் சரி செய்தால், 24ஆம் தேதி வரப்போகும் 400 பெட்டிக்கான பில்லும் பழைய எண்ணோடுதான் வரும்.

அடுத்தது, "நம்பரைத் திருத்தி மறுபடி அனுப்பவும்" என்ற வரி. இதைப் படிப்பவர் நல்லவராக இருந்தால் பத்தே நிமிடத்தில் பிடிஎஃப்பில் எண்ணை மாற்றி அனுப்பிவிடுவார். பார்க்கச் சரியாக இருக்கும். ஆனால் அவர்கள் வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் விற்பனைக் கணக்கில் பழைய எண்ணே நிற்கும். நாம் கட்டிய வரியை வரவாக எடுக்கப் போகும்போது, நம் கையில் இருக்கும் தாளும் அவர்கள் சொன்ன கணக்கும் ஒத்துப்போகாது. அதனால் தாளைத் திருத்தினால் மட்டும் போதாது, பதிவையும் திருத்த வேண்டும் என்று கடிதத்திலேயே சொல்லியாக வேண்டும்.

"அலட்சியம்", "நீங்களே பொறுப்பு" இரண்டையும் எடுத்துவிட்டேன். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அப்படிக் குற்றம் சாட்டினால் அவர் பழைய மெயில்களைத் தோண்டி, "எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்று பதில் எழுத உட்கார்ந்துவிடுவார். வேலை அங்கேயே நின்றுவிடும். நம் பர்ச்சேஸ் ஆர்டரில் சரியான எண் இருக்கிறது. அதை இணைத்துவிட்டால் போதும், அதுவே பேசும்.

பேமெண்ட் விஷயத்திலும் உன்னோடு எனக்கு உடன்பாடு இல்லை. புது இன்வாய்ஸ் போடச் சொன்னால் சப்ளையர்கள் ஏன் இழுக்கிறார்கள் தெரியுமா? புதுத் தேதி போட்டால் 30 நாள் கடன் தவணையும் புதிதாகத் தொடங்கிவிடும், பணம் தள்ளிப்போகும் என்ற பயம்தான். அந்தப் பயத்தை நாமே போக்கிவிட்டால் காரியம் பாதி முடிந்த மாதிரி. அதனால் மிரட்டலை எடுத்துவிட்டு, பழைய தவணைத் தேதியிலேயே பணம் தருவதாக எழுதியிருக்கிறேன். மேலாளரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

இனி கடிதம். இதை விற்பனைப் பிரதிநிதிக்கு அனுப்பாதே, அவருக்கு நகல் போதும். இன்வாய்ஸைத் திறந்து மாற்றும் உரிமை அவர்களுடைய கணக்குப் பிரிவில்தான் இருக்கும்.

பெறுநர்: மேலாளர், கணக்குப் பிரிவு
நகல்: விற்பனைப் பிரிவு
பொருள்: இன்வாய்ஸ் 3178, மே 9: எங்கள் வரிப் பதிவு எண்ணைத் திருத்தி மறுபடி வழங்கக் கோரிக்கை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பர்ச்சேஸ் ஆர்டர் 612-இன்படி நீங்கள் அனுப்பிய 600 அட்டைப்பெட்டிகள் மே 9 அன்று குறையின்றி வந்து சேர்ந்தன. அவற்றுக்கான இன்வாய்ஸ் 3178-இல் பொருள், அளவு, விலை, வரி விகிதம், எங்கள் பெயர், முகவரி எல்லாம் சரியாக உள்ளன. வாங்குபவரின் வரிப் பதிவு எண் மட்டும் மாறியுள்ளது.

அதில் அச்சாகியிருப்பது 3877 என்று முடியும் எங்கள் பழைய எண். எங்கள் தொழில் கம்பெனியாக மாறியபின் ஏப்ரல் 1 முதல் அந்தப் பதிவு நடப்பில் இல்லை. இப்போதைய எங்கள் எண்:

20951462

பர்ச்சேஸ் ஆர்டர் 612-இல் இந்த எண்ணே குறிப்பிடப்பட்டுள்ளது. அதன் நகலையும் புதிய பதிவுச் சான்றிதழையும் இத்துடன் இணைத்துள்ளோம்.

பழைய எண்ணோடு உள்ள இன்வாய்ஸை வைத்து இந்தக் கொள்முதலுக்கான வரியை நாங்கள் வரவாக எடுக்க இயலாது. ஆகவே இன்வாய்ஸ் 3178-ஐ முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் மூலம் நீக்கி, சரியான எண்ணுடன் புதிய இன்வாய்ஸ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கிரெடிட் நோட்டில் காரணமாக "வாங்குபவரின் வரிப் பதிவு எண் திருத்தம்" என்று குறிப்பிட்டால் உதவியாக இருக்கும். பொருள் எதுவும் திருப்பி அனுப்பப்படவில்லை. புதிய இன்வாய்ஸில் பழைய இன்வாய்ஸ் எண்ணும் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணும் இடம்பெற வேண்டுகிறோம்.

உங்கள் வரி ஆலோசகர் வேறு திருத்த முறையைப் பரிந்துரைத்தால் அதுவும் எங்களுக்குச் சம்மதமே. வரித்துறைக்கு நீங்கள் தாக்கல் செய்யும் விற்பனைக் கணக்கிலும் இந்த விற்பனை எங்கள் புதிய எண்ணின் கீழ் வரவேண்டும் என்பதே முக்கியம். இன்வாய்ஸ் நகலில் மட்டும் எண்ணை மாற்றி அனுப்பினால் எங்களால் ஏற்க இயலாது.

மே மாத விற்பனைக் கணக்கை நீங்கள் தாக்கல் செய்யும் முன்பே இது முடிந்துவிட்டால் இரு தரப்புக்கும் வேலை குறையும். எனவே மே 21-க்குள் கிரெடிட் நோட்டும் புதிய இன்வாய்ஸும் கிடைக்கச் செய்யுமாறு வேண்டுகிறோம்.

புதிய இன்வாய்ஸில் எந்தத் தேதி இருந்தாலும் தவணையை முதல் இன்வாய்ஸின் தேதியிலிருந்தே கணக்கிடுவோம். திருத்திய ஆவணங்கள் மே 21-க்குள் வந்துவிட்டால், ஏற்கெனவே ஒப்புக்கொண்டபடி ஜூன் 8 அன்று முழுத் தொகையும் உங்கள் கணக்குக்கு வந்து சேரும்.

அடுத்த 400 பெட்டிகள் மே 24 அன்று வரவிருக்கின்றன. அதற்குள் உங்கள் மென்பொருளில் எங்கள் வாடிக்கையாளர் விவரத்திலும் புதிய எண்ணைப் பதிந்து, பதிந்ததை ஒரு வரியில் உறுதி செய்யக் கேட்டுக்கொள்கிறோம். ஏப்ரல் 1-க்குப் பின் நீங்கள் எங்களுக்கு வழங்கிய இன்வாய்ஸ் இது ஒன்றுதான். வேறு எதையும் திருத்த வேண்டியதில்லை.

ஏதேனும் விளக்கம் தேவைப்பட்டால் இந்த மெயிலுக்கே பதில் அனுப்பலாம்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
கணக்குப் பிரிவு

இணைப்பு: இன்வாய்ஸ் 3178 நகல், பர்ச்சேஸ் ஆர்டர் 612 நகல், வரிப் பதிவுச் சான்றிதழ்

கடிதத்தில் பழைய எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் போட்டிருக்கிறேன், கவனித்தாயா? இரண்டு எண்ணையும் முழுதாக எழுதினால் அவசரத்தில் யாராவது தவறானதைக் காப்பி எடுத்து ஒட்டிவிடுவார்கள். சரியான எண் தனி வரியில், இடைவெளியோ கோடோ இல்லாமல் நிற்கிறது. அதை அலங்கரிக்காதே, தடித்த எழுத்தும் வேண்டாம். சான்றிதழ் படமாக இருப்பதால் அதிலிருந்து எண்ணை எடுக்க முடியாது, பார்த்துத்தான் தட்ட வேண்டும். அதனால்தான் மெயிலின் உடலிலும் எழுதினேன்.

கிரெடிட் நோட்டில் காரணம் கேட்டது நம் கிடங்குக்காக. காரணம் இல்லாமல் முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் வந்தால், 600 பெட்டியும் திரும்பிப் போய்விட்டது என்று அங்கே இருப்பைக் கழித்துவிடுவார்கள். பிறகு அதைச் சரி செய்ய நீதான் போய் எண்ண வேண்டும்.

கடிதம் நீளமாக இருக்கிறதே என்று நீ கேட்பாய். வழக்கமாக நானும் பாதியாக வெட்டியிருப்பேன். இதில் ஒரு விவரம் குறைந்தாலும் அவர்கள் திரும்பக் கேட்பார்கள், அதற்கு ஒரு நாள் போகும். இந்த முறை நீளம் பரவாயில்லை.

19ஆம் தேதி வரை பதில் இல்லையென்றால் புது மெயில் எழுதாதே. இதே மெயிலுக்குக் கீழே இதை மட்டும் அனுப்பு:

"ஐயா, வணக்கம். இன்வாய்ஸ் 3178 திருத்தம் தொடர்பாக மே 14 அன்று அனுப்பிய மெயில் கீழே உள்ளது. 21-க்குள் கிடைத்தால் ஜூன் 8 தவணையில் மாற்றமிருக்காது. எங்களிடமிருந்து வேறு ஆவணம் ஏதும் தேவையென்றால் இன்றே அனுப்பிவைக்கிறோம். நன்றி."

அனுப்பிய கையோடு போன் பண்ணிவிடு. "மெயில் வந்ததா" என்று கேட்டால் "வந்தது" என்பார்கள், அதோடு முடிந்துவிடும். "கிரெடிட் நோட் யார் போடுவாங்க, அவங்ககிட்ட பேசலாமா" என்று கேள்.

அதுவரை 3178-ஐ நம் கணக்கில் நிலுவையிலேயே வை. கிடங்கு வரவைத் தொடாதே, வரி வரவை மட்டும் எடுக்காமல் விடு. புது இன்வாய்ஸ் வந்ததும் எண்ணைக் கண்ணால் பார்த்து டிக் அடிக்காமல் சான்றிதழோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடு. இன்வாய்ஸ் எண்ணும் புதிதாக இருக்க வேண்டும். மறுபடி 3178 என்றே வந்தால் நம் மென்பொருள் இரண்டாவது பதிவை ஏற்காது. அப்படி வந்தால் பழையதை நீயாக அழித்துவிட்டு ஏற்றாதே, என்னிடம் கொண்டு வா.