வெள்ளிக்கிழமை அழைப்புக்கு முன் ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டி

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு, உங்கள் கட்சிக்காரர்களும் நாங்களும் நீங்களும் முதல்முறையாகச் சேர்ந்து பேசவிருக்கிறோம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: இணைத்துள்ள இரண்டு பக்க ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, வியாழன் மாலைக்குள் அனுப்ப முடியுமா?

கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது உங்கள் தொழில் கடமைதான். அதில் எங்களுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கடமை அவர்களுக்கானது, எங்களுக்கானது அல்ல. அவர்கள் ஏற்கெனவே எங்களோடு போட்ட ஒப்பந்தமும் அவர்களுடைய ஊழியர்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. வெளி ஆலோசகர்கள் அதில் வரவில்லை.

அன்று நாங்கள் காட்டவிருக்கும் வடிகட்டி வடிவமைப்புக்கு இன்னும் காப்புரிமை விண்ணப்பம் போடவில்லை. ரகசியக் கட்டுப்பாடு இல்லாமல் வெளியே சொல்லிவிட்டால், பல நாடுகளில் அது புதுமை என்ற தகுதியையே இழந்துவிடலாம். எங்கள் கவலை முக்கியமாக இதுதான்.

ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். காலம் மூன்று ஆண்டுகள். ஏற்கெனவே பொதுவில் உள்ளவை, நீங்கள் முன்பே அறிந்தவை, நீதிமன்றம் கேட்பவை இதில் அடங்கா. உங்கள் கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்வதையோ, வேறு வழக்குகளை எடுப்பதையோ இது தடுக்காது. நிறுவனத்தின் சார்பில் பங்குதாரர் ஒருவர் கையெழுத்திட்டால் போதும். மின்கையெழுத்தும் சரி.

மாற்றம் வேண்டுமென்றால் கோப்பிலேயே குறித்து அனுப்புங்கள். எங்கள் வழக்கறிஞர் அன்றே பதில் தருவார். வியாழனுக்குள் முடியவில்லை என்றாலும் அழைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். கால அட்டவணையும் கட்டணமும் மட்டும் பேசிவிட்டு, வடிவமைப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
திட்ட மேலாளர்,
வடிவமைப்புக் குழு