ஏறுகிற வண்டி

காமக்காபட்டி செக்போஸ்ட்டைத் தாண்டும்போது மணி 1. வத்தலக்குண்டிலிருந்து தோப்பும் வயலுமாகச் சமமாக வந்த ரோடு அங்கே தலையைத் தூக்கியது. தேன்மொழி முன்னால் இருந்த சின்ன பல்சக்கரத்துக்கு மாற்றினாள். சங்கிலி ஒரு தடவை கரகரத்து அடங்கியது. இனி கொடைக்கானல் ஏரி வரைக்கும் பெரிய சக்கரத்துக்கு வேலை இருக்காது.

அப்பா மொபெட்டில் பக்கத்தில் வந்தார். "இங்க ரெண்டாவது கியர். ஊத்து வரைக்கும் மூணு விழுறது கஷ்டம்."

பஸ்ஸைச் சொல்கிறார். 24 வருஷம் இந்த மலையில் அரசு பஸ் ஓட்டியவர். எந்தத் திருப்பத்தில் எந்த கியர், எங்கே ஹாரன் அடிக்க வேண்டும், எங்கே ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டும் என்றுதான் அவருக்கு இந்த ரோடு மனப்பாடம். பகலில் டூரிஸ்ட் கார்களுக்கு நடுவே ஏற முடியாது, ராத்திரிதான் போவேன் என்று மகள் பிடிவாதம் பிடித்தபோது, "அப்ப நானும் வருவேன்" என்று மட்டும் சொன்னார். ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் மத்தியானமே எடுத்து வைத்தாயிற்று.

கூடவே வந்தால் மொபெட் சத்தத்தில் பின்னால் வருகிற வண்டி கேட்காது என்றாள். சரி என்று முன்னால் போனார். இரண்டு திருப்பம் தள்ளிப் போய், எஞ்சினை அணைத்துவிட்டு, தடுப்புச் சுவர் ஓரமாக நிற்பார். அவள் கடந்து போனதும் கொஞ்சம் விட்டுக் கிளம்புவார். ராத்திரி முழுக்க இப்படித்தான் போயிற்று.

மலையில் சைக்கிள் ஏறுகிறவர்களுக்கு முதலில் பிடிபட வேண்டியது அவசரப்படாமல் இருப்பது. மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேச முடிகிற அளவுக்குத்தான் மிதிக்க வேண்டும். வேகம் 9 கி.மீ.க்கு இறங்கினாலும் இறங்கட்டும். தேன்மொழிக்கு அது பிடிபட்டிருந்தது. கொண்டை ஊசி வளைவு வந்தால், எதிரில் வெளிச்சம் இல்லை என்று பார்த்துக்கொண்டு வெளிப்பக்கமாக அகன்று போனாள். உள்பக்கம் சுவர் மாதிரி நிமிர்ந்திருக்கும்; அதில் போய் முட்டினால் அடுத்த ஒரு மைலுக்குத் தொடை எரியும்.

டம் டம் பாறையில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்கள். பகலில் எதிர்மலையில் தலையாறு அருவி தெரியும் இடம். இப்போது கீழே தூரத்தில் ஊர்களின் விளக்குகள் மட்டும் சிதறிக் கிடந்தன. தான் ஏறி வந்த உயரத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். அங்கே வீசிய காற்றில் முதல் குளிர் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு திருப்பத்தில் அப்பா மொபெட்டை விட்டு இறங்கி, சுவரில் கைவைத்துக் குனிந்து நின்றிருந்தார். அவள் பதறி பிரேக் பிடித்தாள்.

"என்னப்பா?"

"இங்க தண்ணி ஓடுது."

கேட்டாள். பள்ளத்தில் எங்கேயோ ஓடை ஒன்று கற்களுக்கு நடுவே இறங்கும் சத்தம்.

"தினம் ரெண்டு நடை வந்திருக்கேன். இங்க ஓடை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்." எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போனவருக்கு வேறென்ன கேட்டிருக்கும். அடுத்தடுத்த இடங்களில் அவர் நிற்கிற விதமே மாறிவிட்டது. குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார். உன் சங்கிலிச் சத்தம் ஒரு திருப்பத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, காப்பி பூத்திருக்கு, வாசம் வருதா என்று கேட்டார்.

ஊத்து தாண்டியதும் வலது கெண்டைக்கால் இறுகிக்கொண்டது. ரோட்டோரம் உட்கார்ந்து காலை நீட்டினாள். அப்பா பாதத்தைப் பிடித்து முழங்காலை நோக்கி மெதுவாக மடக்கினார். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் மிச்சம் இருந்தது. குடித்துவிட்டு ஒரு கடலை மிட்டாயைக் கடித்தாள்.

"போதும்டா பாப்பா. இவ்வளவு தூரம் ஏறினதே பெருசு. விடிஞ்சதும் பஸ்ஸு வரும். கண்டக்டர் நம்ம பையன்தான், சைக்கிளை மேல கட்டிருவான்."

அவள் பதில் சொல்லவில்லை. வலி குறைந்ததும் எழுந்து சைக்கிளைக் குறுக்காக நிறுத்தி, ஏறி, நேராக்கினாள். அப்பா அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் முன்னால் போனார்.

பெருமாள்மலைக்கு முன்பு ஓரிடத்தில் பள்ளத்துப் பக்கம் ரோடு சரிந்து, மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளையடித்த கற்களுக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி போகிற அகலம்தான். அதிலும் நல்ல ஏற்றம். பாதி தூரம் போயிருப்பாள், மேலே திருப்பத்தில் வெளிச்சம் பாய்ந்தது. முட்டைகோஸும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற லாரி. விடிவதற்குள் மார்க்கெட் பிடிக்க வேண்டிய அவசரத்தில் வருகிறவன்.

காலை ஊன்றினால் இந்த ஏற்றத்தில் திரும்ப மிதித்து ஏற முடியாது. ஊன்றாவிட்டால் ஒதுங்கவும் இடமில்லை. மணல் மூட்டை ஓரமாகச் சாய்ந்து, கண் கூச, மிதித்துக்கொண்டே இருந்தாள். ஹாரன் வரும் என்று எதிர்பார்த்தாள்.

ஏர் பிரேக் சீறியது. லாரி கற்களுக்கு அந்தப் பக்கமே நின்றது. டிரைவர் ஹெட்லைட்டை இறக்கினார். அப்புறம் அதையும் அணைத்துவிட்டுச் சின்ன விளக்கை மட்டும் விட்டார். எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, முழு லோடும் பிரேக்கில் நிற்க, ஒரு சைக்கிள் மேலே வந்து சேரும்வரை அந்த லாரி காத்திருந்தது. அவசரப்படக் கூடாது என்ற பாடத்தை அவள் அப்போது மட்டும் மறந்தாள். கடைசி பத்து மீட்டரை எழுந்து நின்று மிதித்தாள். பக்கத்தில் வந்ததும் டிரைவர் ஜன்னலில் கையை நீட்டி, போ போ என்று மேலே காட்டினார்.

அப்பா லாரிக்குப் பின்னால் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். லாரி கிளம்பியதும் அது போன பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அடுத்த முறை அவளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

"ஏறுற வண்டிக்குத்தான் வழி. இறங்குறவன் நிக்கணும். மலையில அதான் சட்டம்." கொஞ்ச தூரம் போய், "உன்னை வண்டின்னு மதிச்சு நின்னான் பாரு" என்றார். குரல் கம்மியிருந்தது. அப்புறம் பஸ் பேச்சே எடுக்கவில்லை.

பெருமாள்மலை வந்தபோது மரங்களுக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. பழனி ரோடு சேருகிற இடத்தில் ஒரு டீக்கடை திறந்து, பாய்லரில் ஆவி பறந்தது. ஏரிக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மூச்சு புகையாக வந்தது. விரல்கள் பிரேக்கைச் சரியாக உணரவில்லை.

"டீ சொல்லட்டா?" என்றார் அப்பா.

"நிறுத்தினா கால் பிடிச்சுக்கும்பா. நீங்க குடிச்சிட்டு வாங்க."

அவர் கடையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். மொபெட்டை ஸ்டாண்டில் போட்டார்.

"லைட்டை அணைச்சிராத, இன்னும் வெளிச்சம் பத்தாது. காட்டுமாடு நின்னா நீயும் நின்னுக்கோ, அதுவா போகட்டும்."

"சரிப்பா."

"வெள்ளி அருவிகிட்ட பிடிச்சுருவேன்."

"பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு ஒரு கியரைக் கூட்டினாள்.