பத்தே பத்து பழைய புகைப்படங்களோடு வாருங்கள்: மார்ச் 15 ஞாயிறு, மாலை 6 மணி, இணையவழிப் பயிலரங்கு

வணக்கம்.

போன முறை கணக்குத்தாள் பயிலரங்குக்கு வந்தவர்களுக்கும், அப்போது இடம் கிடைக்காமல் பெயர் கொடுத்து வைத்தவர்களுக்கும் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். வேலை அவசரத்தில் இருப்பவர்களுக்காக முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்ன: வீட்டில் இருக்கும் பழைய அச்சுப் புகைப்படங்களை டிஜிட்டலாக்கி, பெயர் வைத்து, தொலையாமல் பாதுகாக்கும் செய்முறைப் பயிலரங்கு
எப்போது: 2026 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.00 முதல் 7.30 வரை (இந்திய, இலங்கை நேரம். சிங்கப்பூர், மலேசியாவில் இரவு 8.30)
எங்கே: ஜூமில்
கட்டணம்: இல்லை
பதிவு செய்ய: இந்த மின்னஞ்சலுக்கு "வருகிறேன்" என்று ஒரு சொல் பதில் போடுங்கள். அவ்வளவுதான்.

படிவம் கிடையாது, தொலைபேசி எண் கேட்க மாட்டேன், கடவுச்சொல் உருவாக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் பதில் வந்ததும் நானே பட்டியலில் சேர்த்துவிடுவேன். ஜூம் இணைப்பு சனிக்கிழமை காலை உங்களுக்கு வந்துவிடும்.

இனி, நேரம் இருப்பவர்களுக்கு.

மூன்று வருடங்களுக்கு முன்னால் வீட்டு அலமாரியில் இருந்த ஆல்பங்களை எல்லாம் ஒரே வாரத்தில் ஸ்கேன் செய்து முடித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். நானூறு படங்களுக்கு மேல். முடித்தும்விட்டேன். பெருமையாக ஒரு வன்தட்டில் போட்டு வைத்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு படத்தைப் பெரிதாக அச்சிடலாம் என்று திறந்தால், தாத்தாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிகிறது. ஸ்கேனர் 150 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளிகளில், இருந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை, மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம். கோப்புகளின் பெயர்கள்தான் பெரிய தலைவலி. scan0001.jpg, scan0002.jpg என்று வரிசையாக நானூறு. தாத்தாவுக்குப் பக்கத்தில் கட்டம்போட்ட சட்டையில் நிற்கும் இளைஞர் யார்? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் என் பெரிய அத்தை. நான் ஸ்கேன் செய்துகொண்டிருந்த அந்த வாரம் முழுக்க அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது அவர் இல்லை.

அதனால்தான் இந்தப் பயிலரங்கில் நானூறு படம் பேச்சே இல்லை. பத்து படம். தொண்ணூறு நிமிடம் முடியும்போது அந்தப் பத்தும் நல்ல தரத்தில் டிஜிட்டலாகி, யார் எப்போது என்ற விவரத்தோடு பெயரிடப்பட்டு, குறைந்தது இரண்டு இடங்களில் சேமிக்கப்பட்டிருக்கும். மீதியை நீங்களே ஞாயிறுக்குப் பத்து என்று செய்துகொண்டு போகலாம். கேட்டுவிட்டு எழுந்து போகும் சொற்பொழிவு இல்லை இது. கையில் படமும் போனும் இருக்க வேண்டும்.

அன்றைக்கு என்ன செய்வோம் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் இருபது நிமிடம் படத்தைக் கையாள்வது பற்றி. உங்களில் பலரிடம் பிசின் ஒட்டிய அட்டையின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பம் இருக்கும். ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் அதுதான். வருடங்கள் போகப் போக அந்தப் பிசின் இறுகி, படம் அட்டையோடு ஒன்றிவிடுகிறது. நகத்தால் மூலையை நெம்பி இழுத்தால் படம் வளைந்து மேல்பூச்சு கீறிவிடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூல் இருக்கிறதல்லவா, அதைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ரம்பம் அறுப்பதுபோல மெதுவாக இப்படியும் அப்படியும் இழுத்தால் பெரும்பாலும் அழகாகக் கழன்று வரும். கேமரா முன்னால் செய்தே காட்டுகிறேன். அதற்கும் வராத பிடிவாதக்காரப் படங்களை ஆல்பத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது டிஜிட்டலாக்குவது. ஸ்கேனர் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே எண்: 600 டிபிஐ. நான்குக்கு ஆறு அங்குலப் படம் அப்போது 2400 × 3600 புள்ளிகளாக வரும், இரு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தெளிவாக இருக்கும். 1200 வைத்தால் இன்னும் நன்றாக வருமே என்று கேட்பீர்கள். சாதாரண அச்சுப் படத்தின் காகிதத்தில் அதற்கு மேல் விவரம் அநேகமாக இருக்காது. கோப்புதான் நான்கு மடங்கு பெருக்கும், ஸ்கேனரும் ஆமை வேகத்துக்குப் போகும். நெகட்டிவ் கதை வேறு. அது தபால்தலை அளவுதான் என்பதால் இன்னும் அதிகம் வேண்டும். அதை இந்த முறை தொடப்போவதில்லை.

ஸ்கேனர் இல்லையா, கவலை வேண்டாம். வருபவர்களில் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இப்போதைய போன் கேமராவே போதும், எடுக்கும் விதம் சரியாக இருந்தால். பகல் வெளிச்சம் நேராக விழாத ஜன்னல் ஓரம் நல்லது. ஃபிளாஷ் கூடவே கூடாது. தலைக்கு மேல் எரியும் விளக்கை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பளபளப்பான படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், அது சரியாக யாராவது ஒருவர் முகத்தின் மேல்தான் விழும். போன் படத்துக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் செவ்வகம் சரிவகமாகிவிடும். நாம் கூடுவது மாலை நேரம் என்பதால், முடிந்தால் அன்று பகலிலேயே பத்தையும் போனில் எடுத்து வைத்துவிடுங்கள். மாலையில் அவற்றைப் பார்த்து, எது சரியாக வரவில்லை, ஏன் என்று பேசுவோம்.

பெயர் வைப்பதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கியிருக்கிறேன். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பத்து வருடம் கழித்துக் கைகொடுப்பது இதுதான். வருடம் முதலில், மாதம் அடுத்து, அப்புறம் ஆள் அல்லது நிகழ்ச்சி. இப்படி:

```
1983-05_தாத்தா-பெரியஅத்தை_01.jpg
1983-05_தாத்தா-பெரியஅத்தை_02.jpg
1991_பள்ளி-ஆண்டுவிழா_01.jpg
```

வருடத்தை முன்னால் வைத்தால் கணினி பெயர்வரிசையில் அடுக்கும்போது தானாகவே காலவரிசையும் வந்துவிடும். தேதியின் நாளை முன்னால் வைத்தால் 1983ம் 2004ம் கலந்தடித்துக் கிடக்கும். தமிழில் பெயர் வைக்கலாமா என்று போன முறை ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக வைக்கலாம், இன்றைய கணினிகளும் போன்களும் அதை ஏற்றுக்கொள்கின்றன. மாதம் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஊகித்து எழுதிவைப்பதைவிட வெறும் வருடமே மேல்.

இதில் ஒரு சின்ன சிக்கலும் உண்டு. 1983 படத்தை இன்று எடுத்தால், கோப்புக்குள் இன்றைய தேதிதான் பதிவாகும். உங்கள் போன் கேலரியில் நேற்று எடுத்த பிறந்தநாள் படத்துக்கு அடுத்து தாத்தா வந்து நிற்பார். அந்தத் தேதியை எப்படி மாற்றுவது என்றும் காட்டுகிறேன், இரண்டு நிமிட வேலை. உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் இன்னொரு தொல்லை. சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு வருகிறது, எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் போய்விடுகின்றன. அதே படத்தை ஆவணமாக அனுப்பச் சொன்னால் அப்படியே முழுசாக வரும். இதை மட்டும் இன்றைக்கே குடும்பக் குழுவில் சொல்லிவிடுங்கள், பயிலரங்குக்கு வராவிட்டாலும் சரி.

கடைசியாக, சேமிப்பு. 3-2-1 என்று ஒரு பழைய வழக்கம் உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. போன், வீட்டு வன்தட்டு, இணையத்தில் இருக்கும் மேகச் சேமிப்பு என்று வைத்தாலே கணக்கு சரியாகிவிடும். பலரும் ஏமாறுவது ஓர் இடத்தில். போனும் மேகமும் தாமாக ஒத்திசைந்துகொண்டிருந்தால் அவை இரண்டு பிரதி ஆகிவிடாது. ஒன்றில் கைதவறி அழித்தால் மற்றதிலும் அழிந்துவிடும். குப்பைத்தொட்டியில் சில வாரங்கள் கிடக்கும்தான், ஆனால் அழித்ததே தெரியாதவர் அங்கே போய்த் தேடுவாரா?

நிறம் மங்கிய படங்களைச் சரிசெய்வது, வீடியோ கேசட்டை மாற்றுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இதில் அவை இல்லை. இரண்டுக்கும் தனித்தனி நாள் வேண்டும், ஒன்றரை மணி நேரத்தில் திணித்தால் எதுவும் உருப்படாது.

கொண்டுவர வேண்டியவை: பத்து படங்கள், போன், முடிந்தால் ஒரு கணினி. நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். முடியுமானால், அந்தப் படங்களில் இருப்பவர்களைத் தெரிந்த ஒரு பெரியவரும். அவர் ஜூமில் முகம் காட்ட வேண்டியதில்லை, உங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் போதும். நடுவில் பதினைந்து நிமிடம் எல்லாரும் ஒலியை அணைத்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டு எழுதிக்கொள்வதற்கென்றே விட்டிருக்கிறேன். அந்தப் பெரியவர் வேறு ஊரில் இருந்தால் அந்த நேரத்தில் போன் போட்டுக் கேளுங்கள்.

ஒளிப்பதிவு பற்றி ஒரு வார்த்தை. முதல் பகுதியை மட்டும் பதிவுசெய்து, பதில் போட்ட எல்லாருக்கும் அனுப்புவேன், அன்று வர முடியாமல் போனாலும். செய்முறைப் பகுதியில் உங்கள் குடும்பப் படங்கள் திரையில் வரும் என்பதால் அதைப் பதிவுசெய்ய மாட்டேன். திரையில் காட்டச் சொல்லி யாரையும் வற்புறுத்தவும் மாட்டேன்.

நாற்பது இடம்தான் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவருடைய படத்தையும் பார்த்துச் சொல்ல முடியாது. மார்ச் 13, வெள்ளிக்கிழமை இரவுக்குள் பதில் போட்டுவிடுங்கள். கூட ஒருவரை அழைத்துவர விரும்பினால் "இருவர் வருகிறோம்" என்று எழுதுங்கள், இணைப்பு ஒன்றே போதும். பதில் போட்டபின் வர முடியாமல் போனால் "இல்லை" என்று ஒரு வரி தட்டிவிட்டால், காத்திருக்கும் இன்னொருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடுவேன்.

ஞாயிறு மாலை பார்ப்போம். ஐந்து நிமிடம் முன்னாலேயே கதவைத் திறந்து வைத்திருப்பேன், ஒலி வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கோமதி

பி.கு.: அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரர் யார் என்று இன்னும் தெரியவில்லை. கோப்பின் பெயர் இப்போதைக்கு 1983-05_தாத்தா-யாரோ_01.jpg.